கதை ஒன்று சொல்ல, கை ஒன்று செய்ய

அட்லாண்டிக் கடலுக்கு அடியில் ஒரு நகரம். கண்ணாடிச் சுவர்கள், அவற்றுக்கு வெளியே நீந்தும் மீன்கள். நகரம் பாழடைந்து கிடக்கிறது, கூரையெங்கும் ஒழுகல். உங்கள் கையில் ஒரு சிறுமி சிக்கியிருக்கிறாள். அவள் வயிற்றுக்குள் ஒரு கடல் நத்தையை வைத்திருக்கிறார்கள். திரையில் இரண்டு பொத்தான்கள் தெரிகின்றன. ஒன்றை அழுத்தினால் நத்தையைப் பிடுங்கி எடுத்துவிடுவீர்கள், சிறுமி செத்துப்போவாள், உங்கள் கணக்கில் 160 ஆதாம் ஏறும். மற்றதை அழுத்தினால் அவள் பிழைப்பாள். உங்களுக்கு 80 மட்டும்.

2007-இல் வெளியான பயோஷாக் என்ற வீடியோ கேமில் வரும் காட்சி இது. ஆதாம் என்பது அந்த நகரத்தில் புழங்கும் ஒரு மரபணுச் சரக்கு. அதைக் கொடுத்துத்தான் கையிலிருந்து மின்னலும் நெருப்பும் பாய்ச்சும் சக்திகளை இயந்திரங்களில் வாங்க முடியும். ஆக, ஆட்டம் ஓர் அறக் கேள்வியைக் கேட்கிறது. கூடவே ஒரு விலைப்பட்டியலையும் நீட்டுகிறது.

அந்த ஆண்டின் அக்டோபரில், யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மாண்ட்ரியல் கிளையில் கேம் வடிவமைப்பாளராக இருந்த கிளின்ட் ஹாக்கிங், பயோஷாக்கைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதினார். ஆட்டத்தை உயர்வாக மதித்த ஒருவரின் கோபம் அதில் இருந்தது. தன்னை உறுத்திய குறைக்கு அவர் வைத்த பெயர் 'லூடோநேரட்டிவ் டிசொனன்ஸ்'. கதை ஒன்றைச் சொல்கிறது, ஆட்டத்தின் விதிகள் வேறொன்றைச் செய்யவைக்கின்றன, இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்பதே அதன் பொருள். வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் கேம் உலகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாம் முரண் என்றே வைத்துக்கொள்வோம்.

முரணைப் புரிந்துகொள்ள அந்த நகரத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். நகரத்தின் பெயர் ரேப்ச்சர். கட்டியவர் ஆண்ட்ரூ ரயன் என்ற பெருஞ்செல்வர். அரசாங்கமும் மதமும் ஒருவனின் உழைப்பில் பங்கு கேட்கக் கூடாது, ஒவ்வொருவனும் தன் நலனுக்காகவே வாழ வேண்டும் என்பது அவர் கொள்கை. எழுத்தாளர் அய்ன் ராண்ட் பரப்பிய தத்துவத்தின் சாயல் இதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ரயனின் பெயரிலேயே ராண்டின் பெயரைக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கொள்கையைக் கடைசிவரை பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ரேப்ச்சரே சாட்சி. 1960-இல் விமான விபத்தில் தப்பி அங்கே வந்து சேரும் ஜாக் என்பவன்தான் நாம். வந்ததும் வானொலியில் அட்லஸ் என்றொருவன் பேசுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்ற உதவும்படி கேட்கிறான். இங்கே போ, அதை எடு, அவனைக் கொல் என்று வழிகாட்டுகிறான்.

ஹாக்கிங் இதில் இரண்டு ஒப்பந்தங்களைப் பார்த்தார். ஒன்று, ஆட்டத்தின் விதிகள் நம்மோடு செய்துகொள்வது: உன் நலனைத் தேடு, சிறுமியிடம் இருப்பதைப் பறி, வலிமை பெறு. ரயனின் தத்துவமே நம் விரல்களுக்குள் இறங்கிவிடுகிறது. வெளியே நின்று கண்டிப்பதற்குப் பதிலாக, அந்தத் தத்துவம் உள்ளிருந்து பார்த்தால் எவ்வளவு நியாயமாகத் தோன்றும் என்பதை நாமே உணர்கிறோம். இது ஒரு பெரிய சாதனை என்றே அவர் கருதினார். மற்றது, கதை நம்மோடு செய்துகொள்வது: அட்லஸுக்கு உதவு. இதில் தேர்வே கிடையாது. தன் நலனே பெரிது என்று முடிவெடுத்த ஒருவன் முன்பின் தெரியாத அட்லஸுக்காக ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்? ரயனின் பக்கம் ஏன் போகக் கூடாது? அதற்கு ஆட்டத்தில் கதவே இல்லை. விதிகளில் சுயநலம், கதையில் தியாகம். ஒன்றை மனதார ஏற்றுக்கொண்டால் மற்றது கழன்று விழுந்துவிடுகிறது.

இதற்கு மேல் ஒரு திருப்பம் வருகிறது. (ஆடப்போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம். பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட ரகசியம் என்றாலும் ரகசியம்தானே.)

பாதிக்கு மேல் ஆடிய பிறகு ரயனை நேரில் சந்திக்கிறோம். அவர் கோல்ஃப் பந்தைத் தட்டிக்கொண்டே உண்மையைப் போட்டு உடைக்கிறார். ஜாக்குக்குச் சிறுவயதிலேயே மூளைச்சலவை நடந்திருக்கிறது. ஒரு மரியாதையான வேண்டுகோள் சொற்றொடரை யார் சொன்னாலும் அவன் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். அட்லஸ் ஒவ்வொரு கட்டளையிலும் அந்தச் சொற்றொடரைச் செருகியிருந்தான். கேம் ஆடுகிறவர்கள் சொன்னதையெல்லாம் கேள்வி கேட்காமல் செய்கிறோமே என்ற குத்தலும் அதில் இருக்கிறது. அருமையான காட்சி. ஆனால் ஹாக்கிங்குக்கு அது அவமதிப்பாகப்பட்டது. நான் கீழ்ப்படிந்தது அடிமைப் புத்தியால் அல்ல, நீங்கள் வேறு வழியே வைக்காததால் என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரகசியம் உடைந்து ஜாக் விடுதலையான பிறகும் ஆட்டத்தில் எதுவும் மாறுவதில்லை. அட்லஸுக்குப் பதிலாக டெனன்பாம் என்ற பெண் விஞ்ஞானி வானொலியில் கட்டளையிடுகிறார். நாமும் முன்பு போலவே போய்க்கொண்டிருக்கிறோம். சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று கதை சொல்கிறது. கைக்கு அது தெரியவே இல்லை.

ஹாக்கிங்கின் வாதம் தேர்வு இல்லாத இடத்தைப் பற்றியது. எனக்கு இதைவிடச் சுவையாகத் தெரிவது, தேர்வு இருக்கும் இடத்திலேயே நடக்கும் ஒரு கணக்கு வேலை. ஒரு சிறுமிக்கு 160 அல்லது 80 என்பது மேலோட்டமான கணக்கு. மூன்று சிறுமிகளைக் காப்பாற்றினால் டெனன்பாம் ஒரு கரடி பொம்மையோடு பரிசு வைத்திருப்பார். அதில் 200 ஆதாம் இருக்கும். கூடவே தோட்டாக்களும் அரிய சக்திகளும் இருக்கும். ஆக மூவரைக் கொன்றால் 480. மூவரைக் காப்பாற்றினால் 240, பரிசோடு 440. ஆட்டம் முழுக்க 21 சிறுமிகள் வருகிறார்கள். எல்லோரையும் கொன்றவன் 3,360 ஆதாமோடு நிற்பான், எல்லோரையும் காப்பாற்றியவன் 3,080-ஓடு. வித்தியாசம் 280. இரண்டு சிறுமிகளின் விலைகூட இல்லை. பரிசில் வரும் சக்திகளைச் சேர்த்துப் பார்த்தால் நல்லவனுக்கே லாபம் என்றும் வாதாடலாம்.

கதை சொல்வது என்ன? கருணை காட்டுவது கடினம், அதற்கு நீ இழப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. கணக்குப் புத்தகமோ, கொஞ்சம் பொறு, வந்து சேரும் என்கிறது. முதல் சிறுமியிடம் தயங்கியவர்கள்கூட முதல் கரடி பொம்மையைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எடுப்பது அறத் தேர்வே அல்ல. பரிசு எப்போது வரும் என்ற எதிர்பார்ப்புதான்.

இதை வடிவமைத்தவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் நிலையிலிருந்தும் பார்க்க வேண்டும். காப்பாற்றுகிறவனுக்கு உண்மையிலேயே பாதி ஆதாம் மட்டும் கொடுத்தால் பிற்பகுதி அவனுக்கு இரண்டு மடங்கு கடினமாகும். காசு கொடுத்து வாங்கியவன் நல்லவனாக இருந்த குற்றத்துக்காக நடுவழியில் மாட்டிக்கொண்டு வெறுத்துப்போகக் கூடாது. எந்த வழியில் ஆடினாலும் ஆட்டம் சமமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கம்தான் இங்கே கதையின் முதுகெலும்பை முறித்தது. யாரோ ஒருவரின் கவனக்குறைவால் வருவதில்லை இந்த முரண். இரண்டு பேர் தத்தம் வேலையைச் சரியாகச் செய்யும்போதே வந்துவிடுகிறது.

சினிமாவிலும் இது உண்டே என்று கேட்கலாம். இடைவேளைக்கு முன் முப்பது அடியாட்களைப் பந்தாடிவிட்டு வரும் நாயகனைப் பார்த்து, என் பிள்ளை ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டான் என்று அம்மா கண்கலங்குவார். நாமும் சிரித்துவிட்டுப் பாப்கார்னைத் தொடர்கிறோம். ஆனால் அங்கே அடித்தது அவர். கேமில் அடிப்பது நாம். அதுவும் ஒரு சண்டைக் காட்சியின் ஐந்து நிமிடம் அல்ல. பத்துப் பதினைந்து மணி நேரம் அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து, அதில் கைதேர்ந்து, அதற்குப் புள்ளிகளும் வாங்கியிருப்போம். அதனால் கேமில் ஒருவனின் குணத்தை அவன் பேசும் வசனம் தீர்மானிப்பதில்லை. பெரும்பாலான நேரம் நாம் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம், அதற்கு ஆட்டம் என்ன கூலி கொடுக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

2013-இல் வந்த டூம் ரைடரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்டங்களின் சூரி லாரா கிராஃப்ட், இதில் அப்போதுதான் படிப்பை முடித்த இளம்பெண். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறாள். பசிக்காக ஒரு மானை வேட்டையாடும்போதே மன்னிப்புக் கேட்கிறாள். பிறகு தன்னைத் தாக்கும் ஒருவனை, உயிர் தப்புவதற்காகச் சுட்டுக் கொல்கிறாள். அவள் உடைந்துபோவதை ஆட்டம் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறது. அதன் பிறகு? அடுத்த சில நிமிடங்களிலேயே கூட்டங்கூட்டமாக எதிரிகள் வருகிறார்கள். ஒவ்வொருவனைக் கொல்லும்போதும் திரையில் அனுபவப் புள்ளிகள் மிதந்து வருகின்றன. இரவில் தீ மூட்டி உட்கார்ந்தால், அந்தப் புள்ளிகளைக் கொண்டு மலையேறும் கோடரியால் ஆளை முடிக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம். எழுதியவர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். முதல் கொலைக்குப் பின் வானொலியில் தன் வழிகாட்டியிடம் பேசும் லாரா, அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது என்கிறாள். நல்ல வசனம்தான். கிழிசலுக்கு மேல் போட்ட ஒட்டு அது. பின்னால் வரும் நூற்றுக்கணக்கான பிணங்களை அதால் தாங்க முடியவில்லை.

இந்த விஷயத்தில் கேலிக்கு அதிகம் ஆளானவன் அன்சார்ட்டட் வரிசையின் நேதன் டிரேக். வாய்த்துடுக்கும் நல்ல மனசும் கொண்ட புதையல் வேட்டைக்காரன் என்பது கதை. ஆட்டத்திலோ ஒவ்வொரு பாகத்திலும் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு அடுத்த காட்சியில் நகைச்சுவை பேசுகிறான். தயாரித்த நாட்டி டாக் நிறுவனத்துக்கு விமர்சனம் எட்டாமல் இல்லை. 2016-இல் வந்த நான்காம் பாகத்தில் ஆயிரம் எதிரிகளை வீழ்த்துகிறவர்களுக்கு ஒரு கோப்பை கிடைக்கும். அதன் பெயரே 'லூடோநேரட்டிவ் டிசொனன்ஸ்'! தன் குற்றத்தைத் தானே பட்டமாக அணிந்துகொள்ளும் இந்த நையாண்டியை ரசிக்கலாம். ஆனாலும் கவனியுங்கள், அதுவும் கொன்றதற்குத்தான் பரிசு.

எதற்குச் சுட வேண்டும், வேறு எதுவும் செய்ய முடியாதா என்றால், தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருக்கிறது. பல மணி நேரம் ஓடும் ஆட்டத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஆடுபவருக்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். குறி பார்ப்பது, ஒளிவது, சுடுவது என்ற வேலையை எப்படிச் சுவையாக்குவது என்று இந்தத் துறைக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. ஒருவரைச் சமாதானப்படுத்துவதையோ துக்கத்தில் இருப்பதையோ அப்படிப் பொத்தான்களாக்க யாருக்கும் அவ்வளவு தெரியாது. அதனால் கதை எதைப் பற்றியதாக இருந்தாலும், இடையில் உள்ள மணிகளைத் துப்பாக்கி நிரப்பிவிடுகிறது.

எப்போதாவது ஒருவர் பொத்தானிலிருந்தே தொடங்குகிறார். 2013-இல் ஸ்வீடனிலிருந்து வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' அப்படிப்பட்டது. இயக்கியவர் அதற்கு முன் திரைப்பட இயக்குநராக இருந்த யோசெஃப் ஃபாரஸ். நோயுற்ற தந்தைக்கு மருந்து நீர் கொண்டுவர அண்ணனும் தம்பியும் புறப்படுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். யார் பேசுவதும் புரியாது. மொழியே கற்பனை மொழி. ஆடுவது ஒரே ஆள். கன்ட்ரோலரின் இடது குச்சியும் இடது பொத்தானும் அண்ணனுக்கு, வலது இரண்டும் தம்பிக்கு. முதல் அரைமணி நேரம் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். போகப் போக இருவரும் ஒத்துழைக்கப் பழகுவார்கள், அதாவது உங்கள் கைகள் பழகும். தாய் கடலில் மூழ்கி இறந்ததைப் பார்த்த தம்பிக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். நீந்த வேண்டிய இடங்களில் அவன் அண்ணனின் முதுகைப் பிடித்துக்கொள்வான்.

பயணத்தின் கடைசியில் அண்ணன் இறந்துவிடுகிறான். உங்கள் இடது கைக்கு வேலை இல்லாமல் போகிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெள்ளம் குறுக்கிடுகிறது. தம்பியின் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அவன் கரையில் நின்று நடுங்குகிறான். தட்டுத்தடுமாறி, ஒரு சந்தேகத்தில், அண்ணனுக்குரிய இடது பொத்தானை அழுத்துகிறீர்கள். அவன் தண்ணீரில் இறங்கி நீந்தத் தொடங்குகிறான். வசனமும் கிடையாது, விளக்கமும் கிடையாது. இறந்தவனின் துணிவு தம்பிக்குள் வந்திருப்பதை உங்கள் விரல் கண்டுபிடிக்கிறது. இதே காட்சியைப் படமாக எடுத்தால் பாதிகூடத் தேறாது.

ஆனால் இந்த வெற்றியின் அளவையும் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம், ஒரே ஓர் உறவு, அதற்கென்றே ஒதுக்கிய பொத்தான்கள். நாற்பது மணி நேரம் ஓடும் ஆட்டத்துக்கு இப்படிச் செய்ய முடியுமா?

அதை முயன்றவர்களில் ஒருவர் ஹாக்கிங்கேதான். அந்த விமர்சனத்தை எழுதும்போது அவர் ஃபார் கிரை 2 ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். 2008 அக்டோபரில் வெளியானது. உள்நாட்டுப் போரில் சிதைந்த, பெயர் சொல்லாத ஓர் ஆப்பிரிக்க நாடு. ஆயுத வியாபாரி ஒருவனைக் கொல்ல வரும் கூலிப்படையாள் நாம். வந்த முதல் நாளே மலேரியாவில் சுருண்டு விழுகிறோம். போர் என்பது அசிங்கமான, கைமீறிப் போகும் காரியம் என்று கதை சொல்கிறது. விதிகளும் அதையே சொல்கின்றன. வாங்கிய துப்பாக்கி துருப்பிடித்துச் சண்டை நடுவில் சிக்கிக்கொள்ளும். பற்றவைத்த தீ காற்றில் திரும்பி நம்மையே சுடும். மலேரியா மாத்திரை தீர்ந்துவிட்டால், தப்பியோட முயலும் குடும்பங்களுக்குப் பயணச் சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கருணைகூட அங்கே நம் காய்ச்சலுக்குத் தரும் விலைதான். பயோஷாக் மறைக்கப் பார்த்ததை இது ஒளிக்காமல் சொல்கிறது. குண்டடிபட்டு விழுந்தால் நண்பன் ஒருவன் வந்து தூக்கிப்போவான். அவனே விழுந்து கிடக்கும் நாளும் வரும். மார்ஃபின் ஊசி ஒன்று போட்டு, போதாமல் இன்னொன்று போட்டு, கடைசியில் சுட்டு விடுவிப்பதா என்று அவன் முகத்தைப் பார்த்தபடி முடிவெடுக்க வேண்டும். இவையெல்லாம் பொத்தான்களில் நடப்பவை. முரணுக்குப் பெயர் வைத்தவர் அதைத் தீர்க்க எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இருந்தும் ஃபார் கிரை 2 ஆடியவர்கள் முதலில் புலம்புவது சோதனைச் சாவடிகளைப் பற்றித்தான். சாலைச் சந்திப்புகள்தோறும் காவலர்கள் இருப்பார்கள். எல்லோரையும் கொன்றுவிட்டுச் சற்றுத் தூரம் போய்த் திரும்பினால் அதே சாவடியில் மறுபடியும் காவலர்கள். போதாக்குறைக்கு, நாம் இரண்டு தரப்புகளுக்கும் மாறி மாறி வேலை செய்கிறோம். ஆனாலும் நேற்று யாருக்காக உயிரைப் பணயம் வைத்தோமோ அவர்கள் ஆட்களே இன்று நம்மைக் கண்டதும் சுடுகிறார்கள். நம் வேலை ரகசியம், அடிமட்டச் சிப்பாய்க்குத் தெரியாது என்று கதை ஒரு சமாதானம் வைத்திருக்கிறது. ஒருமுறை நம்பலாம். நான்காவது முறை அதே சந்திப்பில் ஜீப்பை நிறுத்தி அதே நாலு பேரைச் சுடும்போது, உயிர்களுக்கு மதிப்புண்டு என்று இவ்வளவு பாடுபட்டு நிறுவிய ஆட்டம் தானே அதை அழித்துக்கொள்கிறது. காவலர்கள் திரும்பி வராமல் இருக்கச் செய்திருக்கலாமே என்றால், அப்போது பத்து மணி நேரத்துக்குப் பிறகு அவ்வளவு பெரிய வரைபடத்தில் ஒரு சந்திப்பிலிருந்து இன்னொன்றுக்கு வெறுமனே வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.